சார்ஜர் செருகியிருக்கிறது, பற்றரி மட்டும் ஏறவில்லை: பிழை எங்கே என்று வீட்டிலேயே பிரித்துப் பார்ப்பது

லப்டொப் ஓடுகிறது. சார்ஜரும் செருகியிருக்கிறது. ஆனால் பற்றரிக் குறியின் மேல் சுட்டியைக் கொண்டுபோனால் "plugged in, not charging" என்று வருகிறது, 34 சதவீதம் 34-இலேயே நிற்கிறது. இப்படி வந்ததும் பலர் புதுப் பற்றரிக்கு விலை கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். புதுக்குடியிருப்பிலோ மாங்குளத்திலோ இருந்துகொண்டு கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ பஸ் ஏறுவதற்கு முதல், கீழே உள்ளதை வரிசையாகப் பாருங்கள். வரிசையை மாற்ற வேண்டாம். காசு செலவில்லாத காரணங்களைத்தான் முதலில் வைத்திருக்கிறேன்.

1. திரை சொல்வதைச் சரியாக வாசியுங்கள்

பற்றரிப் படத்தில் பிளக் அடையாளம் தெரிகிறதா? தெரிந்தால் கரண்ட் லப்டொப்புக்குள் வருகிறது, பற்றரிதான் அதை வாங்கவில்லை. இந்தக் கட்டுரை பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

அடையாளமே இல்லையென்றால் கரண்ட் உள்ளே வரவில்லை. வேறு பிளக் பொயின்றில் போடுங்கள். எங்கள் பக்கத்து வீடுகளில் உருண்டைப் பின்னும் சதுரப் பின்னும் கலந்து கிடப்பதால், இடையில் போடும் அடப்டர் தளர்ந்திருப்பது சாதாரணம். சுவர் வயர் சார்ஜர் பெட்டிக்குள் போகும் இடத்தையும் ஒருமுறை அழுத்திச் செருகுங்கள்.

2. லப்டொப் வேண்டுமென்றே நிறுத்தியிருக்கிறதா?

சரியாக 60 அல்லது 80 சதவீதத்தில் நிற்கிறது என்றால் அது பெரும்பாலும் பழுது அல்ல. பற்றரி நீடிப்பதற்காக அந்த அளவோடு நிறுத்தும் வசதி பல லப்டொப்களில் உண்டு. லெனோவோவில் Lenovo Vantage செயலியில் "Conservation mode", அசூஸில் MyASUS செயலியில் பற்றரிப் பகுதி என்று தேடிப் பாருங்கள்.

அடுத்தது சூடு. லிதியம் அயன் பற்றரியை ஏறக்குறைய 45 பாகை செல்சியஸுக்கு மேல் சார்ஜ் செய்வது நல்லதல்ல. அதனால் அந்த அளவை நெருங்கினால் லப்டொப் தானாகவே நிறுத்திவிடலாம். மே மாத மத்தியானம், தகரக் கூரைக்குக் கீழே, மெத்தையில் வைத்துப் பாவித்தால் உள்ளே அந்தச் சூடு வர அதிக நேரம் எடுக்காது. நிறுத்தி, சார்ஜரைக் கழற்றி, அரை மணித்தியாலம் ஆறவிட்டுப் பிறகு செருகுங்கள். இரவில் ஏறி மத்தியானத்தில் ஏறவில்லை என்றால் விடை கிடைத்துவிட்டது.

அப்படியே சார்ஜர் கழற்றியிருக்கும்போது பவர் பொத்தானை 30 செக்கன் அழுத்திப் பிடித்து விடுங்கள். சார்ஜ் விடயத்தைக் கவனிக்கும் சிறு சில்லு குழம்பியிருந்தால் இதோடு தெளிந்துவிடலாம்.

3. சார்ஜரை லப்டொப் அடையாளம் காண்கிறதா?

இதுதான் பலருக்குத் தெரியாத இடம். டெல், எச்பி சார்ஜர்கள் பலவற்றின் முனைக்குள் பார்த்தால் நடுவில் மெல்லிய ஊசி ஒன்று தெரியும். அது கரண்ட் கொடுப்பதற்கு அல்ல. "நான் 65 வாட் சார்ஜர்" என்று லப்டொப்புக்குச் சொல்வதற்கு. ஊசி வளைந்தாலோ அதற்கு வரும் மெல்லிய வயர் அறுந்தாலோ 19.5 வோல்ற் வழமைபோல வந்துகொண்டிருக்கும், லப்டொப்பும் ஓடும். ஆனால் சார்ஜரின் வலு தெரியாததால் பற்றரியை ஏற்றாது. வேகத்தையும் குறைத்துக்கொள்ளும். விலை குறைந்த மாற்று சார்ஜர்களிலும் இதே கதை வரலாம்.

டெல்லில் பார்ப்பது சுகம். பவர் பொத்தானை அழுத்தி லப்டொப்பை இயக்கும்போதே F2-ஐத் தட்டி BIOS திரைக்குள் போய், பற்றரித் தகவல் பகுதியில் AC Adapter என்ற வரியைப் பாருங்கள். அங்கே 65W என்பது போல வாட் அளவு இல்லாமல் Unknown என்று இருந்தால் சந்தேகம் சார்ஜர் மீதும் அது செருகும் துளை மீதும்தான்.

யூ.எஸ்.பி-சி வகை என்றால் ஊசி இல்லை. ஆனால் போன் சார்ஜரைப் போட்டுவிட்டு ஏறவில்லை என்று கவலைப்படுகிறவர்கள் உண்டு. சார்ஜர் பெட்டியில் அச்சிட்ட வாட் அளவைப் பாருங்கள். பல லப்டொப்களுக்கு 45 அல்லது 65 வாட் வேண்டும்.

4. வயரா, துளையா?

அயலில் படிக்கிற தங்கச்சி ஒருத்தி, "அண்ணை, ஓடுது, ஆனா சார்ஜ் ஏறுதில்லை, என்னண்டு பாருங்கோ" என்று செக்கன்ட் ஹான்ட் லப்டொப் ஒன்றைக் கொண்டுவந்தார். ஊசி உள்ள வகை. கடையில் பற்றரி மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம்.

மல்ரிமீற்றரை வைத்தால் 19.5 வோல்ற் காட்டியது. இதில்தான் ஏமாந்துபோவோம். மீற்றர் பார்த்தது பெரிய வயர்கள் இரண்டை மட்டும், ஊசியின் வயரை அல்ல. சார்ஜரைச் செருகியபடியே முனையிலிருந்து ஒரு விரல் அகலம் தள்ளி, வயரின் கழுத்தை ஒரு பக்கமாக மெல்ல வளைத்தேன். சார்ஜ் ஏறும் அடையாளம் வந்தது. விட்டதும் போனது. பிறகு வயரை அசைக்காமல் முனையை மட்டும் துளைக்குள் மெல்ல ஆட்டினேன், மாற்றமில்லை. பழுது வயரில் என்பதற்கு இதுவே பெரிய சாட்சி. உறுதிப்படுத்த அதே வகைச் சார்ஜர் ஒன்றை இரவல் வாங்கிப் போட்டதும் உடனே ஏறத் தொடங்கியது.

உங்கள் லப்டொப்பில் இதற்கு மாறாக முனையை ஆட்டும்போது அடையாளம் வந்து போனால், அல்லது நல்ல சார்ஜரிலும் ஏறாவிட்டால், துளையைச் சந்தேகியுங்கள். நிறுத்திவிட்டு டோர்ச் அடித்துப் பாருங்கள். செம்மண் தூசு அடைந்திருந்தால் காய்ந்த மெல்லிய தூரிகையால் துடைக்கலாம். குண்டூசி விட வேண்டாம். துளையே தளர்ந்து ஆடினால் அது கடை வேலை.

இரவல் சார்ஜர் போடும்போது வோல்ற் ஒன்றாக இருக்க வேண்டும், அம்பியர் உங்களுடையதற்குச் சமமாகவோ கூடவோ இருக்கலாம். முனை பொருந்துகிறது என்பதற்காக மட்டும் செருகாதீர்கள்.

5. கடைசியாகப் பற்றரி

Command Prompt-ஐத் திறந்து இதைத் தட்டுங்கள்:

```
powercfg /batteryreport
```

அறிக்கை எங்கே சேமிக்கப்பட்டது என்று அதிலேயே காட்டும். அந்தக் கோப்பைத் திறந்து DESIGN CAPACITY, FULL CHARGE CAPACITY இரண்டையும் ஒப்பிடுங்கள். தங்கச்சியின் லப்டொப்பில் 42,000-க்கு 31,500, அதாவது 75 சதவீதம். தேய்ந்ததுதான், ஆனால் மாற்ற வேண்டிய பற்றரி அல்ல. சார்ஜர் மட்டும் மாற்றினார்.

பாதிக்கும் கீழே போயிருந்தால், அல்லது 40-இல் இருந்து திடீரென்று 5-க்கு விழுந்தால், பற்றரியை மாற்றுவதில் நியாயம் உண்டு. அறிக்கையில் பற்றரியே இல்லையென்றால் உள்ளே அதன் இணைப்புக் கழன்றிருக்கலாம், பற்றரி முற்றாகச் செத்தும் இருக்கலாம். கடையில் முதலில் இணைப்பைப் பார்க்கச் சொல்லுங்கள்.

டச்பாட் மேலெழும்பியிருந்தால், அல்லது அடிமூடி விரிந்து இடைவெளி தெரிந்தால் மேலே சொன்ன எதையும் செய்ய வேண்டாம். பற்றரி ஊதியிருக்கிறது. சார்ஜரைக் கழற்றி, லப்டொப்பை நிறுத்தி, அழுத்தவோ குத்தவோ செய்யாமல் நேரே கடைக்குக் கொண்டுபோங்கள்.