கார் பேட்டரி: 12.2 வோல்ட் காட்டினால் என்ன அர்த்தம்?

கார் பேட்டரிக்குள் ஆறு செல்கள், ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட். நேர்த்தகட்டில் ஈய டை ஆக்சைடு, எதிர்த்தகட்டில் வெறும் ஈயம், நடுவே நீர்த்த கந்தக அமிலம். மின்சாரம் எடுக்க எடுக்க இரண்டு தகடுகளிலும் ஈய சல்பேட் படியும், அமிலம் நீர்த்துக்கொண்டே போகும். சார்ஜ் ஏற்றினால் இது அப்படியே திரும்பும். அதாவது, ஆற்றல் கணக்கில் அமிலத்துக்கும் பங்கு உண்டு.

இரவு முழுக்க நின்ற காரில், காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். சாதாரண பேட்டரியில் 12.6 என்றால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதிதான். அப்படியே வாரக்கணக்கில் விட்டால் சல்பேட் இறுகிவிடும், பிறகு முழுதாக சார்ஜ் ஏறாது.

ஏஜிஎம் வகையில் வேதியியல் இதேதான். ஆனால் அமிலம் தளும்பாது. தகடுகளுக்கு இடையே உள்ள கண்ணாடி இழை விரிப்பு அதை உறிஞ்சி வைத்திருக்கும். முழு சார்ஜில் 12.8 அளவில் காட்டும், ஆகவே அதில் 12.2 இன்னும் மோசம். சிக்னலில் தானாக அணைந்து எழும் ஸ்டார்ட்-ஸ்டாப் கார்களுக்கு இந்த வகை பொருத்தம்.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை. சாதாரண பேட்டரியில் நீர் குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றலாம் (மூடி திறக்கிற வகையாக இருந்தால்). ஏஜிஎம்மில் வழியே இல்லை. அதனால் 15 வோல்ட்டுக்கு மேல் போகும் பழைய சார்ஜரை அதில் மாட்டாதீர்கள். நீர் வாயுவாகப் பிரிந்து, வால்வு திறந்து வெளியேறினால், போன நீர் போனதுதான்.