மொய்க் கவரில் ஒரு வரி: செல்வமா, ஆரோக்கியமா, நிம்மதியா?

மாம்பலத்தில் ஒரு மண்டபம், மணிவிழா. 60 நிறைந்த தம்பதி மேடையில். முன்வரிசையில் மணிவிழா நாயகரின் அம்மா, 84 வயது, கணவர் இல்லை. பந்தியைக் கவனித்துக்கொண்டிருப்பது ஆறு மாதம் முன்பு கல்யாணமான மகனும் மருமகளும். மூன்று கவர் கொடுக்க வேண்டும், மூன்றிலும் ஒரே வரியை எழுத முடியாது.

1. பதினாறிலிருந்து ஒன்றை எடுங்கள்

"பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க" என்பதில் பதினாறு என்பது பிள்ளைகள் அல்ல, பேறுகள். கல்வி, புகழ், பொன், நெல், நன்மக்கள், நோயின்மை, நீண்ட ஆயுள் எல்லாம் அதில் அடக்கம். ஒருவருக்கு இப்போது இதில் எது கையில் இல்லையோ, எது கைநழுவிவிடுமோ என்ற பயம் இருக்கிறதோ, அதை முன்னால் வையுங்கள். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவருக்கும் புதுமனை புகுந்தவருக்கும் செல்வம். குழந்தைக்கு நோயின்மையும் கல்வியும். வளைகாப்புக்குச் சுகப்பிரசவம் மட்டும் போதும். "ஆண் வாரிசு" என்று எழுதவே வேண்டாம்.

அந்த மகனுக்கும் மருமகளுக்கும்: "மனம் ஒத்து, செல்வம் பெருகி, சீரும் சிறப்புமாய் வாழ்க." பழைய "பதினாறும்" கல்யாணத்தன்று பொருந்தும். கல்யாணமாகிச் சில வருடம் கழித்தும் குழந்தை இல்லாத தம்பதிக்கு அதை எழுதாதீர்கள். நீங்கள் பேறு என்று நினைத்து எழுதுவதை அவர்கள் பிள்ளை என்றுதான் படிப்பார்கள்.

2. 60க்கு எழுதும்போது பத்திரிகையைப் பாருங்கள்

தமிழ் வருடங்கள் 60. பராபவ வருடத்தில், அதாவது 1966 ஆவணியில், பிறந்தவருக்கு 2026 ஆவணியில் அதே பராபவ வருடம் திரும்பி வருகிறது. அதனால்தான் இதை மறுபிறப்பு போலக் கொண்டாடி மறுபடி தாலி கட்டுகிறார்கள். பத்திரிகையில் "உக்ரரத சாந்தி" என்றிருந்தால் 59 முடிந்து 60 தொடங்குகிறது; "சஷ்டியப்தபூர்த்தி" என்றிருந்தால் 60 நிறைந்துவிட்டது. முன்னதற்குப் போய் "அறுபது நிறைந்த" என்று எழுதினால் வீட்டிலேயே யாராவது திருத்துவார்கள்.

கடையில் கிடைக்கும் "இனிய திருமண வாழ்த்து" அச்சிட்ட கவரைத் தவிர்த்து, குத்துவிளக்கு படம் மட்டும் போட்டதை வாங்குங்கள். பெரும்பாலும் பணி ஓய்வையும் ஒட்டி வரும் வயது இது. செல்வத்தைப் பின்னால் தள்ளி ஆரோக்கியத்தை முன்னால் வையுங்கள்: "நல்ல உடல்நலத்தோடு இருவரும் சேர்ந்து சதாபிஷேகமும் காண வேண்டும்." சதாபிஷேகம் 80ஐ ஒட்டி, ஆயிரம் பிறை கண்டதற்காகச் செய்வது. அடுத்த படியைச் சொல்வதால் இந்த வரி அழகாக உட்காரும்.

3. நிம்மதி: அதிகம் பேர் தடுக்கி விழும் இடம்

84 வயது பாட்டிக்கு என்ன எழுதுவது? "தீர்க்க சுமங்கலி பவ" வாய்தவறியும் கூடாது. "நூறாண்டு வாழ்க" இருபது வயதில் வாழ்த்து. இங்கே மிச்சம் 16 வருடம் என்று கணக்குப் போட்டுச் சொன்னது போலாகிவிடும். சரி, அமைதியை வாழ்த்தலாம் என்று "அமைதி பெற வேண்டுகிறோம்" என்று எழுதுவார்கள். நம் தெருச் சுவரில் ஒட்டும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரின் வாசகம் அது! "சாந்தி"யும் அப்படித்தான். பொருள் சரி, பழகிய இடம் தப்பு.

"நிம்மதி" என்ற சொல்லை எடுங்கள். கூடவே கண்ணால் பார்க்கக்கூடிய ஒன்றைச் சேருங்கள்: "கை கால் சுகத்தோடு, பேரப்பிள்ளைகள் சூழ, நிம்மதியாக இருக்க வேண்டும்." எழுதியபின் சத்தமாகப் படித்துப் பாருங்கள். போஸ்டரில் ஒட்டினாலும் பொருந்துகிறது என்றால் கிழித்துவிட்டு வேறு எழுதுங்கள்.

படுக்கையில் இருப்பவருக்கும் இதே சோதனைதான். குணமாகக்கூடிய நோயென்றால் "பூரண குணம்" எழுதலாம். ஆகாது என்று வீட்டாருக்கே தெரிந்திருந்தால் "வலியில்லாமல் நன்றாகத் தூங்கி எழ வேண்டும்" என்பது பொய்யும் இல்லை, புண்படுத்தவும் செய்யாது.

4. எழுதுவது

வழவழப்பான கவரில் ஜெல் பேனா இழுசும். சாதாரண பால்பாயிண்ட்தான் நல்லது. நோட்டை வைப்பதற்கு முன்பே எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் நோட்டின் விளிம்பில் பேனா இடறும். பின்பக்கம் இனிஷியலோடு பெயரும் ஊரும்.

பின்சேர்க்கை: "என்னைவிட மூத்தவரை நான் வாழ்த்தலாமா?" என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். "வாழ்த்த வயதில்லை, வணங்குகிறோம்" சரிதான், ஆனால் எல்லாக் கவரிலும் அதுவே இருக்கும். வினையை மாற்றினால் போதும்: இளையவருக்கு "வாழ்க", மூத்தவருக்கு "வேண்டிக்கொள்கிறோம்". மேலே பாட்டிக்கு எழுதிய வரியை "இருக்க வேண்டிக்கொள்கிறோம்" என்று முடித்தால் பத்து வயதுப் பேத்திகூட எழுதிக் கொடுக்கலாம்.