கிழிந்த படத்தில் தலைமுடியை மீண்டும் வரைவது: வகிட்டிலிருந்து நுனி வரை

பழைய படத்தில் சுவரோ சட்டையோ கிழிந்திருந்தால் Clone Stamp போதும். தலைமுடிக்குப் போதாது. மண்டையின் வளைவுக்கு ஏற்ப முடி போகும் திசை இடத்துக்கு இடம் மாறும். பக்கத்துக் கற்றையை எடுத்து ஒட்டினால், திசை பொருந்தாமல் ஒட்டு அப்படியே தெரிந்துவிடும். அதனால் வரைந்துதான் ஆக வேண்டும்.

ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை எடுத்துக்கொள்வோம். நடு வகிடு எடுத்த பெண். ஒரு பக்க முடி முழுதாக இருக்கிறது. மறுபக்கம் வகிட்டிலிருந்து காதுக்கு மேல் வரை கிழிந்துவிட்டது; காதுக்குக் கீழே முடி மீண்டும் தெரிகிறது. ஆக, முடி எங்கே தொடங்கி எங்கே போய்ச் சேர வேண்டும் என்பது நமக்குத் தெரியும். நடுப்பகுதிதான் இல்லை. நான் ஃபோட்டோஷாப்பை வைத்துச் சொல்கிறேன்.

1. முதலில் திசைக்கோடுகள்

புது லேயரில், சிவப்பு நிறத்தில், வகிட்டிலிருந்து காதுக்குக் கீழ் வரை ஏழெட்டு வளைகோடுகள் போடுங்கள். நல்ல பக்கத்தைப் பார்த்துப் போடலாம், ஆனால் அச்சாக அதையே திருப்பிப் போட வேண்டாம். முகம் லேசாகத் திரும்பியிருந்தால்கூட இரு பக்கமும் ஒன்றாக இருக்காது. இதற்குச் சற்று நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். திசை தப்பினால் மேலே எவ்வளவு நுணுக்கமாக வரைந்தாலும் விக் மாதிரிதான் தெரியும்.

2. பிரஷ்

Brush Settings-இல் Shape Dynamics-ஐத் திறந்து, Size Jitter-க்குக் கீழே உள்ள Control-இல் Pen Pressure வையுங்கள். மவுஸ் மட்டும்தான் என்றால் Fade வையுங்கள். கோடு தொடங்கும்போது தடித்து, போகப்போக மெலியும். பக்கத்திலுள்ள எண்ணைக் கூட்டினால் கோடு நீண்ட பிறகே மெலியும். பிரஷ்ஷின் தடிமனைப் படத்தில் மிஞ்சியிருக்கும் இழையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். 100% அளவில் அந்த இழை மூன்று பிக்சல் என்றால் உங்கள் இழையும் மூன்றுதான். அதைவிட மெல்லியதாக வரைந்தால், மங்கலான படத்தில் அந்த இடம் மட்டும் கூர்மையாகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

3. அடி லேயர்

நல்ல பக்கத்து முடியில் Eyedropper வைத்து மூன்று நிறங்களை எடுங்கள்: நிழல், நடுநிறம், பளபளப்பு. Sample Size-ஐ 5 by 5 Average என்று வைத்தால் ஸ்கேனில் உள்ள புள்ளிகள் ஏமாற்றாது. முழுக் கறுப்பை எடுக்க வேண்டாம். பழைய படத்தில் கறுப்பு பெரும்பாலும் அடர்சாம்பலாக வெளுத்திருக்கும்.

நிழலுக்கும் நடுநிறத்துக்கும் இடைப்பட்ட நிறத்தில், மென்மையான பெரிய பிரஷ்ஷால் விடுபட்ட பகுதியை நிரப்புங்கள். இப்போதைக்கு இழை எதுவும் வேண்டாம்.

4. நிழல் கற்றைகள்

அடுத்த லேயரில் நிழல் நிறம். வகிட்டில் தொடங்கி நுனி நோக்கி இழுங்கள். அடியில் அடர்த்தி வேண்டும், போகப்போகக் குறைய வேண்டும். புதிதாக வரைபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுமாறுகிறார்கள்: இழைகளைச் சம இடைவெளியில் அடுக்கிவிடுகிறார்கள், சீப்பின் பற்களைப் போல. முடி அப்படி விழுவதில்லை. வேரில் தனித்தனியாகத் தொடங்கும் பல இழைகள் கீழே போகப்போகச் சேர்ந்து ஒரு கற்றையாகும். அதனால் ஐந்தாறு இழைகளை அகலமாகத் தொடங்கி ஒரே முனையில் குவியுங்கள். அப்புறம் சற்று இடம் விட்டு அடுத்த கற்றை. கற்றைகளின் அகலமும் ஒன்றுபோல் இருக்கக் கூடாது. ஒன்றிரண்டு இழைகள் பக்கத்துக் கற்றையைக் குறுக்கே கடந்து போகட்டும்.

5. நடுநிறம், பிறகு பளபளப்பு

நடுநிற இழைகளையும் தனி லேயரில் இதே முறையில், நிழலை முழுக்க மூடாமல் போடுங்கள்.

பளபளப்பு மட்டும் வேரிலிருந்து தெரியக் கூடாது. மண்டை வளையும் இடத்தில்தான் வெளிச்சம் ஒரு பட்டையாக விழும். நல்ல பக்கத்தில் அந்தப் பட்டை எந்த உயரத்தில், எவ்வளவு பிரகாசமாக இருக்கிறது என்று பாருங்கள். வெளிச்சம் ஒரு பக்கமிருந்து வந்திருந்தால் மறுபக்கம் மங்கலாகத்தான் இருக்கும். இழையை வேரிலிருந்தே இழுத்துவிட்டு, லேயர் மாஸ்க்கில் மென்மையான கறுப்பு பிரஷ்ஷால் இரு முனைகளையும் மறைத்தால் பட்டை மட்டும் நிற்கும். கற்றையின் மேடான பகுதிக்கு மட்டும் கொடுங்கள், பள்ளத்துக்கு வேண்டாம்.

6. ஓரங்கள்

நெற்றியில் முடி தொடங்கும் இடம் வெட்டிய கோடு போல இருக்கக் கூடாது. அங்கே Opacity-யைப் பாதியாகக் குறைத்து, குட்டையான மெல்லிய இழைகளை இடையிடையே தோல் தெரியும்படி போடுங்கள். வெளி ஓரத்தில் கலைந்த முடி நாலைந்து போதும்.

7. படத்தோடு சேர்ப்பது

சிவப்புக் கோடுகளை மறைத்துவிட்டு, முடி லேயர்களை ஒரு குழுவாக்குங்கள். குழுவின் நகலை ஒரே லேயராக்கி, பழைய குழுவை மறைத்துவிட்டு, நகலுக்கு Gaussian Blur 0.5-இல் தொடங்கி, பழைய முடியின் மங்கலுக்கு வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். அதன் மேல் 50% சாம்பல் நிரப்பிய லேயர் வைத்து, Overlay முறையில் Add Noise கொடுத்து, மாஸ்க்கால் புதுப் பகுதியோடு நிறுத்துங்கள். Monochromatic பெட்டியில் டிக் இருக்கட்டும், இல்லாவிட்டால் வண்ணப் புள்ளிகள் வந்துவிடும்.

கடைசியாகப் படத்தை Flip Horizontal செய்து, 25% அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். கண் நேராகப் புதுப் பகுதிக்கே போனால், முதலில் குழுவிலுள்ள பளபளப்பு லேயரின் Opacity-யைக் குறைத்து, நகலைப் புதிதாக எடுத்து மங்கலாக்குங்கள். அப்படியும் உறுத்தினால் நிழல் லேயருக்குத் திரும்பிப் போய், கற்றைகளின் இடைவெளி ஒரே சீராக இருக்கிறதா என்று பாருங்கள்.