மாசுபடாத மழைநீரின் pH 5.6: கணக்கை முதலிலிருந்து போட்டுப் பார்ப்போம்

தூய நீரின் pH 7. ஆனால் புகையோ கந்தகமோ கலக்காத மழைத்துளியின் pH சுமார் 5.6-தான். இந்த இறக்கத்துக்குக் காரணம் காற்றில் இருக்கும் கரியமில வாயு. இரண்டு மாறிலிகளும் ஒரு கால்குலேட்டரும் இருந்தால் இந்த எண்ணை நாமே வருவித்துவிடலாம். ஜேசியில் வேதியியல் படிப்பவர்கள் பலர் இந்தக் கணக்கில் 5.64 என்ற விடையோடு நின்றுவிடுவார்கள். எங்கே வழி தவறியது என்பது தெரிந்தால், மழைத்துளிக்குள் நடப்பதும் புரிந்துவிடும்.

படி 1: காற்றில் எவ்வளவு இருக்கிறது?

இன்றைய காற்றில் கரியமில வாயு மில்லியனில் 420 பங்குக்குச் சற்று மேல் உள்ளது. நாம் 420 என்றே எடுத்துக்கொள்வோம். மொத்தக் காற்றழுத்தம் 1 atm என்றால், அதில் கரியமில வாயுவின் பங்கு அழுத்தம்:

```
P = 420 × 10⁻⁶ = 4.2 × 10⁻⁴ atm
```

படி 2: நீரில் எவ்வளவு கரைகிறது?

ஹென்றி விதிப்படி, நீரில் கரையும் வாயுவின் செறிவு அதன் பங்கு அழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். 25°C-இல் கரியமில வாயுவுக்கு மாறிலி 3.4 × 10⁻² mol/(L·atm).

```
[CO₂] = 3.4 × 10⁻² × 4.2 × 10⁻⁴
      = 1.43 × 10⁻⁵ mol/L
```

இங்கே ஒரு பொறி இருக்கிறது. சில புத்தகங்கள் இதே மாறிலியைத் தலைகீழாக 29.4 L·atm/mol என்று தரும். அந்த எண் கிடைத்தால் பெருக்கக் கூடாது, அழுத்தத்தை அதனால் வகுக்க வேண்டும். தெரியாமல் பெருக்கிவிட்டால் இறுதியில் pH 4.1 என்று வரும். மாறிலியின் அலகை ஒருமுறை எழுதிப் பார்த்தாலே இந்தப் பிழையைப் பிடித்துவிடலாம்.

படி 3: எவ்வளவு பிரிகிறது?

கரைந்த வாயுவில் ஒரு சிறு பகுதி நீரோடு சேர்ந்து கார்பானிக் அமிலமாகி, ஹைட்ரஜன் அயனியையும் பைகார்பனேட் அயனியையும் தருகிறது.

```
CO₂ + H₂O ⇌ H⁺ + HCO₃⁻
Ka1 = [H⁺][HCO₃⁻] / [CO₂] = 4.45 × 10⁻⁷
```

மாறிலியைத் தேடும்போது 2.5 × 10⁻⁴ என்ற எண்ணும் கண்ணில் படலாம். அது உண்மையான H₂CO₃ மூலக்கூறுக்கு மட்டும் உரியது. கரைந்த வாயுவில் பெரும்பகுதி CO₂ ஆகவே இருக்கிறது. ஆயிரத்தில் ஓரிரண்டு பங்குதான் H₂CO₃ ஆகிறது. நம்முடைய 1.43 × 10⁻⁵ இரண்டையும் சேர்த்த அளவு. ஆகவே இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்ட 4.45 × 10⁻⁷-தான் இங்கே பொருந்தும். மற்றதைப் போட்டால் pH 4.2 ஆகிவிடும்.

படி 4: மின்சுமைச் சமன்

நீரில் நேர்மின் சுமையும் எதிர்மின் சுமையும் சமமாக இருக்க வேண்டும். வேறு உப்பு எதுவும் இல்லாததால் நேர்மின் பக்கத்தில் இருப்பது H⁺ மட்டுமே. எதிர்மின் பக்கத்தில் HCO₃⁻, மிகச் சிறிதளவு OH⁻, அதைவிடச் சிறிதளவு CO₃²⁻. கடைசி இரண்டையும் இப்போதைக்கு விட்டுவிடலாம். கணக்கு முடிந்ததும் சரிபார்ப்போம். அப்படியானால் [H⁺] = [HCO₃⁻].

```
[H⁺]² = 4.45 × 10⁻⁷ × 1.43 × 10⁻⁵ = 6.36 × 10⁻¹²
[H⁺]  = 2.52 × 10⁻⁶ mol/L
pH    = 5.60
```

விட்டதைச் சரிபார்ப்போம். OH⁻ செறிவு 10⁻¹⁴ ÷ 2.52 × 10⁻⁶, அதாவது 4 × 10⁻⁹. H⁺ அளவில் இது 0.2 சதவீதம்கூட இல்லை. இரண்டாம் பிரிகை தரும் CO₃²⁻ இன்னும் குறைவு, ஏறத்தாழ 5 × 10⁻¹¹. இரண்டையும் விட்டதில் தவறில்லை.

x-ஐ ஏன் கழிக்கக் கூடாது?

வலுக்குறைந்த அமிலக் கணக்கில் "பிரிந்தது x, மீதம் C − x" என்று எழுதிப் பழகியிருப்போம். அதே பழக்கத்தில் இங்கும் எழுதினால்:

```
x² / (1.43 × 10⁻⁵ − x) = 4.45 × 10⁻⁷
x = 2.31 × 10⁻⁶,  pH = 5.64
```

இதைப் போட்டவர் தான் கூடுதல் துல்லியமாகச் செய்ததாகவே நினைப்பார். பிரிந்தது C-இல் 5 சதவீதத்தைத் தாண்டினால் கழித்தே ஆக வேண்டும் என்று வகுப்பில் சொல்லித்தருகிறார்கள். இங்கே அது 18 சதவீதம். ஆனாலும் கழிப்பது தவறு. அந்த விதி மூடிய குடுவைக்கு உரியது. குடுவையில் அமிலம் பிரியப் பிரிய, பிரியாதது குறையும். மழைத்துளியோ காற்றில் திறந்து கிடக்கிறது. ஒரு CO₂ மூலக்கூறு பிரிந்து போனால், அந்த இடத்தை நிரப்பக் காற்றிலிருந்து இன்னொன்று கரைந்து வரும். துளியைச் சுற்றியுள்ள காற்றில் பங்கு அழுத்தம் மாறாததால் நீரில் [CO₂] 1.43 × 10⁻⁵-இலேயே நிற்கிறது. கரைந்த மொத்தக் கரிமம்தான் 1.68 × 10⁻⁵ ஆகக் கூடுகிறது. இங்கே x² = Ka × C என்பது தோராயம் அல்ல, முழுச் சரியான சமன்பாடு.

சிங்கப்பூர் வெயிலுக்கு விடை மாறுமா?

நம் ஊர் வெப்பத்துக்கு 30°C எடுத்துக்கொள்வோம். சூடான நீரில் வாயு குறைவாகக் கரையும். ஹென்றி மாறிலி சுமார் 2.98 × 10⁻² ஆக இறங்கும். அதே சமயம் Ka1 சுமார் 4.7 × 10⁻⁷ ஆக ஏறும். ஒன்று குறைய, மற்றது கூட, pH 5.62-இல் வந்து நிற்கிறது. வெப்பநிலையை நினைத்துக் கவலைப்பட வேண்டியதில்லை.

காற்றின் அளவு மாறினால்தான் வித்தியாசம் தெரியும், அதுவும் மெதுவாக. H⁺ செறிவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. தொழிற்புரட்சிக்கு முன் இருந்த 280 பங்குக்கு pH 5.69 வரும். மாணவர்கள் நிறைந்த, சன்னல் சாத்திய ஏர்கான் வகுப்பறையில் கரியமில வாயு 1,000 பங்கைத் தொட்டுவிடும். அங்கே நெடுநேரம் திறந்து வைத்த நீர் 5.41 வரை இறங்கும். ஆகவே மாதிரியை வகுப்பறை மேசையில் திறந்தபடி விட்டுவிட்டுப் பிறகு அளக்க வேண்டாம்.

அளந்து பார்த்தால் 6 வருகிறதே?

வீவக புளோக்கின் கூரையிலிருந்தோ தாழ்வாரத் திட்டிலிருந்தோ வழியும் நீரைப் பிடித்தால் பெரும்பாலும் இப்படித்தான் வரும். சிமெண்டுத் தூசியில் கால்சியம் கார்பனேட் இருக்கிறது. ஒரு லிட்டரில் அது கால் மில்லிகிராம் கரைந்தாலே Ca²⁺ 2.5 × 10⁻⁶ mol/L. அதன் நேர்மின் சுமை 5 × 10⁻⁶. படி 4-இன் சமன்பாட்டில் அதைச் சேர்த்தால் போதும்:

```
[H⁺] + 5 × 10⁻⁶ = 6.36 × 10⁻¹² / [H⁺]
[H⁺] = 1.05 × 10⁻⁶,  pH = 5.98
```

கண்ணுக்கே தெரியாத தூசி pH-ஐ 0.4 ஏற்றிவிடுகிறது. மழைநீரில் தாங்கல் திறன் அவ்வளவு குறைவு. சோதனைத்தாள் இதற்கு உதவாது. தாளில் உள்ள சாயமே முடிவைத் திருப்பிவிடும். மீட்டரில் அளந்தாலும், அயனிகள் குறைவு என்பதால் எண் நிலைக்காமல் நகர்ந்துகொண்டே இருக்கும். சிறிதளவு தூய பொட்டாசியம் குளோரைடு சேர்த்து, மெல்லக் கலக்கி, எண் அசையாமல் நிற்கும்வரை காத்திருங்கள்.

பாத்திரத்தைக் காய்ச்சி வடித்த நீரால் பலமுறை அலசி, திறந்த வெளியில் தரைக்கு மேலே உயர்த்தி வையுங்கள். மழை தொடங்கிய முதல் சில நிமிட நீர் காற்றின் தூசியைக் கழுவிக்கொண்டு வரும், அதைக் கொட்டிவிட்டு அடுத்ததைப் பிடியுங்கள். அளந்ததும் பாத்திரத்தைக் காலி செய்து கவிழ்த்து வையுங்கள். தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும், வீட்டில் அது கண்டுபிடிக்கப்பட்டால் அபராதமும் உண்டு.

இத்தனை கவனத்துக்குப் பிறகும் 5-க்குக் கீழே வந்தால் அதற்குக் கரியமில வாயு காரணமாக இருக்க முடியாது. pH 5-ஐத் தொட H⁺ நான்கு மடங்காக வேண்டும். அதற்குக் காற்றில் கரியமில வாயு பதினாறு மடங்கு, அதாவது 6,700 பங்கு இருக்க வேண்டும். திறந்த வெளியில் அது நடக்காது. அந்த நீரில் கந்தக அமிலமோ நைட்ரிக் அமிலமோ கலந்திருக்கிறதா என்றுதான் தேட வேண்டும்.