முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம்

தனுஷ்கோடியில் எடுத்த குறும்படத்தில், படகிலிருந்து குதிக்கும் டூப் நடிகருக்கு நாயகனின் முகத்தை, இருவர் சம்மதத்தோடும் கணினியில் பொருத்தியிருந்தோம். ஒரு ஷாட்டில் முகம் சிவப்பு, அடுத்ததில் மஞ்சள். ஆனால் நிறத்தைக் கோணமாகவும் அதன் அடர்த்தியை மையத்திலிருந்து உள்ள தூரமாகவும் காட்டும் வெக்டர்ஸ்கோப்பில், எல்லாம் தோல் நிறத்துக்கான ஸ்கின் டோன் கோட்டிலேயே இருப்பதுபோல் தெரிந்தது. அப்புறம்தான் புரிந்தது, அது மணல்! சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவே, மணலின் நிறமும் அதே கோட்டருகில்தான் விழுகிறது.

சரி என்று கன்னத்தை மட்டும் மாஸ்க் போட்டுப் பிரித்துப் பார்த்தால், ஸ்கோப்பில் அதன் கீற்று சிவப்புப் பக்கம் சாய்ந்திருந்தது. அதே ஷாட்டில் டூப்பின் கழுத்தோ, பச்சைக் கடலின் வெளிச்சம் பட்டு மஞ்சள் பக்கம் லேசாக விலகியிருந்தது. அதனால் முகத்தைக் கோட்டில் கொண்டுபோய் வைக்காமல், கழுத்தின் கோணத்துக்கே ஹியூவைத் திருப்பி, மையத்திலிருந்து உள்ள தூரம் ஒத்துவரும்வரை சாச்சுரேஷனைக் குறைத்தேன். வெளிச்சத்தின் அளவை இந்த ஸ்கோப் காட்டாது, அதை வேவ்ஃபார்மில் பார்த்துத்தான் சரிசெய்தேன்.