சம்பளமில்லாமல் லீவு போட்டுப் படிக்கப் போகிறீர்களா? திரும்பி வரும் வழியை அடைக்கும் தவறுகள்

மணலி, எண்ணூர் ஆலைகளில் சில வருடம் வேலை பார்த்தவர்கள் பலருக்கு சேஃப்டி பக்கம் போக வேண்டும் என்று ஆசை இருக்கும். அதற்குத் தரமணியில் உள்ள ரீஜனல் லேபர் இன்ஸ்டிடியூட்டில் ஒரு வருட முழுநேர டிப்ளமோ இருக்கிறது. முழுநேர வகுப்பு என்பதால் ஷிப்ட் பார்த்துக்கொண்டே படிப்பது நடக்காது. வேலையை விடவும் மனசு வராது. அதனால் ஒரு வருடம் சம்பளமில்லா விடுப்பில் போய்ப் படித்துவிட்டு, அதே வேலைக்குத் திரும்பலாம் என்று திட்டம் போடுகிறார்கள். நல்ல திட்டம்தான். ஆனால் போவதற்குச் செய்கிற ஏற்பாட்டில் பாதியைக்கூடத் திரும்பி வருவதற்குச் செய்வதில்லை. கோளாறு எல்லாம் அங்கேதான்.

ஓர் உதாரணத்தை வைத்தே பேசுவோம். திருவொற்றியூரில் குடியிருக்கும் ஒரு பெண், மணலியில் ஒரு ரசாயன ஆலையின் ஆய்வகத்தில் எட்டு வருடமாக நிரந்தர வேலை பார்க்கிறார். மொத்தச் சம்பளம் மாதம் 20,500 ரூபாய், அதில் அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்த்து 14,000. சம்பளம் 21,000-க்குள் இருப்பதால் இஎஸ்ஐ உண்டு. வகுப்பு 2026 ஜூலையில் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டு வேலைகளை ஒழுங்குபடுத்திவிட்டுப் போகலாம் என்று ஜூன் 1 முதலே லீவு கேட்க நினைக்கிறார்.

முதல் தவறு, வாய்ச்சொல்லை நம்புவது. "நீ போய்ட்டு வாம்மா, நான் பார்த்துக்கறேன்" என்று மேலாளர் சொல்லுவார். நல்ல மனதோடுதான் சொல்லுவார். ஆனால் ஒரு வருடத்தில் அவரே வேறு யூனிட்டுக்கு மாறியிருக்கலாம். தனியார் ஆலையில் படிப்பு விடுப்பு கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் எதுவும் கிடையாது. நிர்வாகம் விரும்பிக் கொடுப்பதுதான், ஆகவே என்ன கொடுத்தார்கள் என்பது காகிதத்தில் இருந்தால்தான் உண்டு. டைம் ஆபீசில் விடுப்புப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தால் போதாது. விடுப்பு அனுமதி ஆணையாக ஒரு கடிதம் கையில் வர வேண்டும்.

அந்தக் கடிதத்துக்கு நீங்களே ஒரு வரைவு எழுதிக் கொடுத்தால் வேலை சுலபமாகும். ஏறக்குறைய இப்படி இருக்கலாம்: "மேற்படி ஊழியருக்கு 21.6.2026 முதல் 30.6.2027 வரை உயர்படிப்புக்காகச் சம்பளமில்லா விடுப்பு அனுமதிக்கப்படுகிறது. இந்தக் காலம் பணி முறிவாகக் கருதப்படாது. விடுப்பு முடிந்ததும் அவர் இப்போதைய பதவியிலோ அதற்கு இணையான பதவியிலோ, பணிமூப்பு மாறாமல் சேர்த்துக்கொள்ளப்படுவார்." இதில் 'பணி முறிவாகக் கருதப்படாது' என்ற வரிக்காக நான் கடைசிவரை மல்லுக்கட்டச் சொல்வேன். கிராஜுவிட்டி அந்த வரியில்தான் தொங்குகிறது. அனுமதியோடு எடுத்த விடுப்பு தொடர்ச்சியான பணியை முறிக்காது என்பதுதான் சட்டத்தின் நிலை. நிர்வாகம் அதை முறிவு என்று எழுதி, நீங்களும் கையெழுத்துப் போட்டுவிட்டால், பழைய எட்டு வருடத்துக்கே பின்னால் வழக்காட வேண்டி வரும். இன்றைய சம்பளத்தில் ஒரு வருடக் கிராஜுவிட்டி 14,000-ஐ 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் சுமார் 8,077 ரூபாய். எட்டு வருடத்துக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

படித்து முடித்தபின் இத்தனை வருடம் வேலை பார்க்க வேண்டும் என்று பாண்டு கேட்டால், நிர்வாகம் உங்களுக்காக ஏதாவது செலவு செய்கிறதா என்று முதலில் பாருங்கள். சம்பளமும் தராமல், கட்டணமும் கட்டாமல் பாண்டு மட்டும் கேட்டால், பதவியையும் பணிமூப்பையும் எழுத்தில் தரச் சொல்லிப் பேரம் பேச அதுதான் சரியான இடம்.

அடுத்தது தேதி. நம் உதாரணத்தில் ஜூன் 1 என்று எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும்? இஎஸ்ஐயில் வருடம் இரண்டு சந்தாக் காலங்களாகப் பிரியும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. முதல் காலத்தில் கட்டிய சந்தாவுக்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை பலன், இரண்டாவதுக்கு ஜூலை முதல் டிசம்பர் வரை. நோய்க்கால உதவித்தொகை வேண்டுமென்றால் அந்தந்தச் சந்தாக் காலத்தில் குறைந்தது 78 நாளுக்காவது சந்தா விழுந்திருக்க வேண்டும். குடும்பத்துக்கான மருத்துவ வசதி தொடர்வதும் இந்தக் கணக்கை ஒட்டித்தான்.

ஏப்ரல் 30 நாள், மே 31 நாள், மொத்தம் 61. ஜூன் 1-லேயே சம்பளம் நின்றுவிட்டால் 78-ஐத் தொட முடியாது. 2027 ஜனவரி முதல் ஜூன் வரையிலான பலன் போய்விடும். சம்பளம் இல்லாத அந்த மாதங்களில்தான் அயனாவரம் இஎஸ்ஐ ஆஸ்பத்திரி அதிகம் தேவைப்படும். சரி, ஜூன் 1-ல் வேலைக்கு வராமல் இருக்க முடியாதா? முடியும். அவர் கணக்கில் ஈட்டிய விடுப்பு 20 நாள் இருந்தால், ஜூன் 1 முதல் 20 வரை அதைக் கழித்துக்கொண்டு, 21 முதல் சம்பளமில்லா விடுப்பு தொடங்கச் சொல்லலாம். அந்த 20 நாளுக்குச் சம்பளம் வரும், பி.எஃப். பிடிப்பார்கள், இஎஸ்ஐ சந்தாவும் போகும். 61-உம் 20-உம் 81. தேறிவிட்டார். மேலே எழுதிய வரைவில் 21.6.2026 என்று போட்டதற்கு இதுதான் காரணம்.

இதிலும் ஒரு பள்ளம் மீதி இருக்கிறது. 2026 அக்டோபர் முதல் 2027 மார்ச் வரை சந்தாவே இல்லை. ஆகவே 2027 ஜூலையில் வேலைக்குத் திரும்பி, சம்பளத்தில் இஎஸ்ஐ பிடிக்க ஆரம்பித்த பிறகும், அந்த டிசம்பர் வரை உதவித்தொகை கிடைக்காது. ஜூலை முதல் செப்டம்பர் வரை வேலை பார்த்தால் 92 நாள் ஆகிவிடும், அதற்கான பலன் 2028 ஜனவரியில்தான் தொடங்கும். வேலைக்குச் சேர்ந்தாயிற்று, இனி எல்லாம் சரி என்று பலர் ஏமாறுவது இந்த ஆறு மாதத்தில்தான். குடும்பத்துக்கு ஒரு தனியார் மருத்துவக் காப்பீடு எடுப்பதாக இருந்தால், விடுப்பு தொடங்குவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். பாலிசி எடுத்த முதல் 30 நாளில் விபத்தைத் தவிர மற்றதற்குப் பொதுவாகப் பணம் தர மாட்டார்கள். ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, பிரஷர் போன்றவற்றுக்குக் காத்திருப்புக் காலம் இன்னும் நீளம்.

விடுப்பின் முடிவுத் தேதியிலும் இதே கவனம் வேண்டும். கடைசி வகுப்பு நாளை முடிவுத் தேதியாகப் போட்டுவிடுகிறார்கள். தேர்வு, பிராஜக்ட் ஒப்படைப்பு எல்லாம் அதற்குப் பிறகுதான் வரும். படிப்பு நிறுவனத்தின் கால அட்டவணையைப் பார்த்து, கடைசித் தேர்வுக்குப் பிறகு ஒன்றிரண்டு வாரம் சேர்த்தே கேளுங்கள். முன்கூட்டியே திரும்பி வருவது எளிது, நீட்டிப்புக் கேட்பதுதான் பாடு.

பி.எஃப். விஷயத்தில் தவறு உங்கள் கையிலும் இருக்கலாம், அலுவலகத்தின் கையிலும் இருக்கலாம். சம்பளம் இல்லாத மாதத்தில் பி.எஃப். பங்களிப்பு இருக்காது. அந்த நாட்களை மாதாந்திரக் கணக்கில் பங்களிப்பு இல்லாத நாட்களாகக் காட்ட வேண்டும். அப்படிச் செய்யாமல், சில அலுவலகங்களில் ஆள் வேலையை விட்டுப் போய்விட்டதாகவே பதிவு செய்துவிடுகிறார்கள். இது தெரியாமலே வருடம் ஓடிவிடும். விடுப்பில் போன இரண்டாவது மாதமே உறுப்பினர் தளத்தில் நுழைந்து Service History பக்கத்தைப் பாருங்கள். வேலையை விட்ட தேதியைக் காட்டும் DOE EPF என்ற இடத்தில் தேதி எதுவும் இருக்கக் கூடாது. இருந்தால் விடுப்பு ஆணையின் நகலை இணைத்து உடனே எழுதுங்கள். நிர்வாகமும் நீங்களும் சேர்ந்து ஜாயிண்ட் டிக்ளரேஷன் கொடுத்து அதைத் திருத்தலாம். திருத்தாமல் விட்டால், வேலையில் இருக்கும்போது இறப்பு நேர்ந்தால் குடும்பத்துக்குக் கிடைக்க வேண்டிய, அதிகபட்சம் 7 லட்சம் வரையிலான பி.எஃப். காப்பீட்டுத் தொகைக்கும் சிக்கல் வரும். கட்டணத்துக்குப் பணம் பற்றவில்லை என்று நீங்களே வெளியேறிய தேதியைப் போட்டு மொத்தப் பணத்தையும் எடுக்கப் பார்ப்பது இதைவிட மோசம். வேலையை விட்டுவிட்டேன் என்று நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

விடுப்பில் இருக்கும்போது வேறு கம்பெனியில் பகுதிநேர வேலை பார்ப்பதும் இங்கேயே மாட்டும். அவர்களும் அதே யு.ஏ.என். எண்ணில் பி.எஃப். கட்டினால் அது பதிவில் ஏறிவிடும். பல ஆலைகளில் அது ஒழுங்கு நடவடிக்கைக்கான குற்றம்.

இனி, நான் அதிகம் வருத்தப்படுகிற ஒன்று. ஊழியர் கூட்டுறவுச் சொசைட்டியில் கடன் வாங்கியிருப்பீர்கள். தவணையைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டிருப்பார்கள், அதனால் அது நினைவிலேயே இருக்காது. சம்பளம் நின்றதும் தவணையும் நின்றுவிடும். ஓரிரு மாதம் கழித்து, ஜாமீன் போட்ட சக தொழிலாளியின் சம்பளத்தில் பிடிக்க ஆரம்பிப்பார்கள். வருடம் கழித்து அதே ஆய்வகத்துக்கு, அதே ஆளின் பக்கத்து மேஜைக்குத்தானே திரும்ப வேண்டும்? போவதற்கு முன் சொசைட்டிக்குப் போய் மீதி எவ்வளவு என்று கேட்டு, மாதாமாதம் நேரில் கட்டுவதாக எழுதிக் கொடுத்து, ஜாமீன்காரரிடமும் சொல்லிவிடுங்கள். மாதம் 3,000 தவணை என்றால் வருடத்துக்கு 36,000. படிப்புச் செலவுக் கணக்கில் கட்டணத்துக்கு அடுத்த வரியில் அது இருக்க வேண்டும்.

திரும்பும் நேரத்தில் நடக்கிற தவறு, சில நாள் தாமதத்தைச் சாதாரணமாக நினைப்பது. பல ஆலைகளின் நிலையாணைகளில், அனுமதித்த விடுப்பு முடிந்து 8 நாளுக்குள் வந்து தக்க காரணம் சொல்லாவிட்டால் பதவியின் மேல் உள்ள உரிமை போய்விடும் என்று இருக்கும். விசாரணை இல்லாமல் அப்படி வேலைநீக்கம் செய்வது செல்லாது என்று 1993-இல் டி.கே. யாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் அந்த உரிமையை நிலைநாட்ட லேபர் கோர்ட்டுக்கு அலைய வேண்டும். அந்த நிலைக்குப் போகாமல் இருப்பதே நல்லது. தேர்வு தள்ளிப்போனால், விடுப்பு முடிவதற்கு முன்பே நீட்டிப்புக் கடிதத்தை விரைவு அஞ்சலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். பதில் வரவில்லை என்றால் நீட்டிப்புக் கிடைத்துவிட்டது என்று அர்த்தமில்லை, முடிவுத் தேதிக்கு மறுநாள் கேட்டில் நிற்க வேண்டும்.

நிற்பதற்கும் ஒரு முன்வேலை உண்டு. சேரும் தேதிக்கு ஒரு மாதம் முன்பே, இன்ன தேதியில் பணிக்கு வருகிறேன் என்று எழுதுங்கள். நுழைவு அட்டையும் கைரேகைப் பதிவும் முடக்கப்பட்டிருக்கும், மருத்துவத் தகுதிப் பரிசோதனையும் கேட்கலாம். அதற்கெல்லாம் அவர்களுக்கு நேரம் வேண்டும். சேரும் நாளில் ஜாயினிங் ரிப்போர்ட்டை இரண்டு நகலாகக் கொண்டுபோய், ஒன்றில் டைம் ஆபீஸ் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். பரிசோதனை முடியட்டும், இடம் காலியாகட்டும் என்று திருப்பி அனுப்பினால்கூட, இன்ன தேதியில் பணிக்கு வந்தேன் என்பதற்கு அந்த முத்திரைதான் சாட்சி. கேட்டிலேயே வாங்க மறுத்தால் அன்றைக்கே அதன் நகலை விரைவு அஞ்சலில் நிர்வாகத்துக்கு அனுப்பிவிட்டு, சங்கம் இருந்தால் அவர்களிடமும் ஒன்று கொடுங்கள். அப்புறம் முதல் மாதச் சம்பளச் சீட்டு வந்ததும் பி.எஃப்., இஎஸ்ஐ இரண்டும் பழைய எண்களிலேயே பிடிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். புது ஆளாகப் பதிந்திருந்தால் அந்த மாதமே சொல்லித் திருத்த வேண்டும்.