சாம்பாரில் உப்பு எப்படி? ஐந்துக்கு நான்கு: கருத்துச் சீட்டில் நடக்கும் தவறுகள்

பஸ் ஸ்டாண்டு பக்கம் மதியச் சாப்பாடு போடும் ஒரு சின்ன மெஸ்ஸை எடுத்துக்கொள்வோம். கல்லாவுக்குப் பக்கத்தில் கருத்துச் சீட்டுகளும் அவற்றைப் போட ஒரு பெட்டியும் இருக்கின்றன. சீட்டில் நான்கு கேள்விகள்: சுவை, அளவு, சுத்தம், சேவை. ஒவ்வொன்றுக்கும் எதிரே 1 முதல் 5 வரை கட்டங்கள். மாதக் கடைசியில் எண்ணிப் பார்த்தால் சுவைக்கு 4.1, சேவைக்கு 3.9. சரி, இப்போது சமையல்காரர் நாளைக்கு எதை மாற்ற வேண்டும்? சீட்டில் அதற்குப் பதிலே இல்லை. பதில் சொன்னவர்கள் மேல் குற்றமில்லை, கேட்ட அளவுகோல்தான் சரியில்லை.

முதல் தவறு, எல்லாவற்றுக்கும் மார்க் போடச் சொல்வது. சில விஷயங்கள் கூடக் கூட நல்லவை. சுத்தம் அப்படித்தான், எவ்வளவு இருந்தாலும் யாரும் குறை சொல்லமாட்டார்கள். உப்பும் காரமும் அப்படியில்லை. குறைந்தாலும் கெடும், கூடினாலும் கெடும், சரியான இடம் நடுவில் இருக்கிறது. உப்புக்கு ஒருவர் ஐந்தில் இரண்டு கொடுத்திருந்தால், இரண்டு கல் உப்பைக் கூடுதலாகப் போட வேண்டுமா, குறைக்க வேண்டுமா? இந்த வகைக்கு உணவுத் துறையில் சோதனை செய்பவர்கள் வேறு அளவுகோல் வைத்திருக்கிறார்கள். மெஸ்ஸுக்கு அதை மூன்றே சொல்லில் அடக்கிவிடலாம்: குறைவு, சரியாக இருந்தது, கூடுதல். தையல் கடைக்கும் இது பொருந்தும். ஜாக்கெட் பிட்டிங்குக்கு நட்சத்திரம் கேட்பதைவிட இறுக்கம், சரி, தொளதொளப்பு என்று கேட்டால் கத்தரிக்கோல் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தெரிந்துவிடும்.

கேள்வியை இப்படி மாற்றிய பிறகு பலர் விழும் இடம் ஒன்று உண்டு. பழக்கதோஷத்தில் அதற்கும் சராசரி போட்டுவிடுவார்கள். நம் மெஸ்ஸில் ஒரு வாரத்தில் 50 சீட்டுகள் சேர்ந்தன என்று வைத்துக்கொள்வோம். சாம்பார் உப்பு குறைவு என்றவர்கள் 14 பேர், சரி என்றவர்கள் 22, கூடுதல் என்றவர்கள் 14. குறைவுக்கு 1, சரிக்கு 2, கூடுதலுக்கு 3 என்று போட்டு வகுத்தால் சராசரி மிகச் சரியாக 2 வரும். அதாவது உப்பு கச்சிதம்! ஆனால் பாதிக்கு மேற்பட்டவர்கள், 28 பேர், உப்பு சரியில்லை என்று எழுதியிருக்கிறார்கள். எதிரெதிர்ப் புகார்கள் ஒன்றையொன்று அடித்துவிட்டு ஒரு நல்ல எண்ணைக் கொடுத்துவிடும். இந்த வகைக் கேள்விக்குச் சராசரியே வேண்டாம், மூன்று எண்ணிக்கையையும் அப்படியே எழுதி வையுங்கள். ஏதாவது ஒரு பக்கம் ஐந்தில் ஒருவருக்கு மேல் போனால் கவனிக்க வேண்டும் என்பது சுவைச் சோதனைகளில் வழக்கமாகப் பின்பற்றும் கணக்கு. இங்கே இரண்டு பக்கமும் அதைத் தாண்டிவிட்டன.

ஒரே சாம்பார் எப்படிச் சிலருக்குக் குறைவாகவும் சிலருக்குக் கூடுதலாகவும் இருக்கும்? ‘ஆளுக்கொரு நாக்கு’ என்று விட்டுவிடத் தோன்றும். அதற்கு முன் சீட்டில் இன்னொரு வரி இருந்திருக்க வேண்டும்: சாப்பிட்ட நேரம். 1 மணிக்கு முன், 1 முதல் 2 வரை, 2 மணிக்குப் பின் என்று மூன்று கட்டங்கள். நம் கணக்கில் கூடுதல் என்ற 14 பேரில் 10 பேர் 2 மணிக்குப் பின் வந்தவர்கள், குறைவு என்றவர்களில் 9 பேர் 1 மணிக்கு முன் வந்தவர்கள் என்றால் விஷயம் வெளிச்சமாகிவிடும். 12 மணிக்குத் தயாரான சாம்பார் அண்டாவில் சிறு தீயில் கொதித்துக்கொண்டே இருக்கிறது, தண்ணீர் வற்றுகிறது, உப்பு அப்படியே இருக்கிறது. இதற்கு மருந்து காலையில் உப்பைக் குறைப்பது அல்ல. குறைத்தால் முதல் பந்திக்காரர்களின் புகார்தான் ஏறும். இரண்டு தவணையாக வைக்க வேண்டும், அல்லது 1 மணி வாக்கில் வெந்நீர் விட்டு ருசி பார்க்க வேண்டும்.

இரண்டாவது தவறு, வந்த புகார் எல்லாவற்றுக்கும் ஒரே எடை கொடுப்பது. பொரியல் அளவு பற்றிக் கேட்டால் குறைவு என்று சொல்பவர்கள் எப்போதும் இருப்பார்கள். விலையைக் கேட்டால் அதிகம் என்பார்கள். குறைவு என்று ஒருவர் சொல்வதும் அதனால் அவர் வருத்தத்தோடு எழுந்து போனார் என்பதும் ஒன்றல்ல. இதைப் பிரித்துப் பார்க்கத்தான் சீட்டில் ஒரு பொதுக் கேள்வி தேவைப்படுகிறது: இன்றைய சாப்பாடு மொத்தத்தில் எப்படி? இதற்கு ஐந்து படிகள் வைக்கலாம்.

நம் 50 பேரில் 33 பேர் பிடித்தது அல்லது மிகவும் பிடித்தது என்று குறித்திருக்கிறார்கள் என்று வைப்போம். இப்போது சீட்டுகளை உப்புப் பதிலின்படி மூன்று அடுக்காகப் பிரியுங்கள். உப்பு சரி என்ற 22 பேரில் 18 பேருக்குச் சாப்பாடு பிடித்திருக்கிறது. குறைவு என்ற 14 பேரில் 10 பேருக்கு. கூடுதல் என்ற 14 பேரில் வெறும் 5 பேருக்கு. உப்புக் குறைந்தால் ஊறுகாய், அப்பளம் வைத்துச் சமாளித்துவிடுகிறார்கள் போல, கரித்தால் வழியில்லை. இப்போது அதே சீட்டுகளைப் பொரியல் பதிலின்படி பிரியுங்கள். குறைவு என்றவர்கள் 20 பேர், உப்புக் கூடுதல் என்றவர்களைவிட அதிகம். ஆனால் அவர்களில் 14 பேருக்குச் சாப்பாடு பிடித்திருக்கிறது. அளவு சரி என்ற 29 பேரில் 19 பேருக்கு. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே விகிதம்தான். ஆக, பொரியலுக்குக் கூடுதலாகக் காய் வாங்குவதில் இப்போதைக்குப் பெரிய பலன் இல்லை, அண்டாவைக் கவனிப்பதில் இருக்கிறது. புகார் எண்ணிக்கையை மட்டும் பார்த்திருந்தால் முடிவு தலைகீழாகப் போயிருக்கும். இதற்குக் கம்ப்யூட்டர்கூட வேண்டாம், மேஜையில் சீட்டைப் பிரித்து அடுக்கினால் போதும்.

அந்தப் பொதுக் கேள்வியின் படிகளை எழுதும்போதுதான் மூன்றாவது தவறு நடக்கும். பல கடைகளில் ‘சுமார், நன்று, மிக நன்று, அருமை’ என்று இருக்கும். நான்கில் மூன்று பாராட்டு! கோபத்தில் இருப்பவருக்குக் குறிக்க இடமே இல்லை, ‘சுமார்’ என்று போட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார். நல்லது இரண்டு, கெட்டது இரண்டு, நடுவில் ஒன்று என்று சமமாக இருக்கட்டும்: மிகவும் பிடித்தது, பிடித்தது, நல்லதென்றும் இல்லை மோசமென்றும் இல்லை, பிடிக்கவில்லை, கொஞ்சமும் பிடிக்கவில்லை. நடுவில் ‘பரவாயில்லை’ என்று போடாதீர்கள். ஒருவருக்கு அது பாராட்டு, இன்னொருவருக்கு முகச்சுளிப்பு, எண்ணும்போது எது எது என்று உங்களுக்குத் தெரியாது.

சொல் இல்லாமல் வெறும் எண் வைத்தால் இன்னொரு சிக்கல். பள்ளிக்கூடம் நமக்கு இரண்டு கணக்கையும் பழக்கியிருக்கிறது: மார்க் என்றால் கூடுதல் நல்லது, ரேங்க் என்றால் 1-தான் நல்லது. எனவே 1-ஐச் சுழித்துவிட்டுக் கீழே ‘சூப்பர் சாப்பாடு’ என்று எழுதிய சீட்டு ஏதாவது இருக்கிறதா என்று பழைய கட்டைப் புரட்டிப் பாருங்கள். அப்படி ஒன்றிரண்டு கிடைத்தால், கருத்து எழுதாமல் 1-ஐ மட்டும் சுழித்துவிட்டுப் போனவர்களும் சிலர் இருப்பார்கள், அவர்களைக் கண்டுபிடிக்கவே முடியாது. சீட்டில் சொற்களை மட்டும் வையுங்கள், எண் உங்கள் நோட்டுப் புத்தகத்தில் இருக்கட்டும். நட்சத்திரத்துக்கும் ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. டெலிவரி ஆப்களில் ஐந்துக்கு நான்கு கொடுத்தாலே ஏதோ திட்டிவிட்டது போல நினைக்கும் ஆட்கள் இருக்கிறார்கள்.

கியூஆர் கோடு ஒட்டி Google Forms-இல் கேட்பவர்களும் இதே இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். அதில் ‘Linear scale’ என்ற வகையைத் தேர்ந்தெடுத்தால் இரண்டு முனைகளுக்கு மட்டும்தான் பெயர் கொடுக்க முடியும், நடுவில் உள்ளவை வெறும் எண்கள். அதற்குப் பதில் ‘Multiple choice’ எடுத்து ஐந்து சொற்களையும் வரிசையாக எழுதுங்கள். ‘Shuffle option order’ அணைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் படிகள் கலைந்து ஒவ்வொருவருக்கு ஒவ்வொரு வரிசையில் தெரியும்.

சாப்பிடாத பொருளைப் பற்றிக் கேட்பதும் உண்டு. மோர் வாங்காதவரிடம் மோர் எப்படி என்று கேட்டால் பாவம், அவர் நடுக்கட்டத்தில் டிக் அடித்துவிட்டுப் போவார். ‘வாங்கவில்லை’ என்று ஒரு கட்டம் தனியாக, மற்றவற்றிலிருந்து கொஞ்சம் இடம் விட்டு இருக்க வேண்டும். எண்ணும்போது அந்தச் சீட்டுகளை அந்தக் கேள்விக்குக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அப்புறம், ஒரே கேள்வியில் இரண்டைக் கட்டாதீர்கள். ‘பரிமாறியவரின் பேச்சும் வேகமும் எப்படி?’ என்றால் சிரித்த முகத்தோடு தாமதமாக வந்தவருக்கு என்ன குறிப்பது? வேகத்தைப் பற்றி அபிப்பிராயம் கேட்பதைவிட நேரத்தையே கேட்கலாம்: உட்கார்ந்ததிலிருந்து இலை போட எவ்வளவு நேரம்? 5 நிமிடத்துக்குள், 5 முதல் 10, 10-க்கு மேல்.

சீட்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும் கல்லாவில் முதலாளியே நீட்டி, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுதச் சொன்னால் எல்லாம் ‘மிகவும் பிடித்தது’ என்றுதான் வரும். முகத்துக்கு நேரே யார் குறை சொல்வார்கள்? முதல் வரியில் பெயரும் போன் நம்பரும் கேட்டாலும் இதே கதைதான். பெட்டியைக் கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். போன் நம்பர் கடைசி வரியில், விருப்பமிருந்தால் மட்டும்.

கடைசியாக, இத்தனை சீட்டுகளில் எவ்வளவு நம்பலாம் என்பது. 50 பேரில் 14 பேர் என்றால் 28 சதவீதம். இவ்வளவு சின்ன எண்ணிக்கையில், உண்மையான விகிதம் 16-லிருந்து 40 சதவீதத்துக்குள் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். சீட்டு எழுதியவர்கள் உங்கள் எல்லா வாடிக்கையாளர்களையும் போன்றவர்கள் என்று வைத்துக்கொண்டால்தான் இந்தக் கணக்கும் செல்லும். எனவே அடுத்த வாரம் 14 என்பது 11 ஆனால் உப்புப் பிரச்சினை தீர்ந்தது என்று சொல்ல முடியாது, 4 ஆனால் சொல்லலாம். இரண்டு வாரங்களை ஒப்பிட வேண்டுமென்றால் கேள்வியின் சொற்களும் படிகளும் பெட்டி இருக்கும் இடமும் மாறாமல் இருக்க வேண்டும். எதையாவது மாற்றியே ஆக வேண்டும் என்றால் நோட்டில் அந்தத் தேதியில் ஒரு கோடு போட்டுவிட்டு, அதற்குக் கீழே புதுக் கணக்காகத் தொடங்குங்கள்.